6. துளை சொல்லும் அளவு

கழற்றி மாட்டும் அலமாரி ஒன்றை வரைய உட்காரும்போது கை முதலில் வெளி அளவைத்தான் எழுதும். அகலம் 600, உயரம் 720, ஆழம் 300. துளைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் பெட்டிக்கு ஒரு பக்கப் பலகையை அரை நாள் செலவழித்து அளந்து துளையிட்டேன். அதையே மாதிரியாக வைத்து இன்னொன்றையும் அச்சு அசலாகத் துளையிட்டேன். பூட்ட எடுத்தபோதுதான் என்னிடம் இரண்டு இடப்பக்கப் பலகைகள் இருப்பது தெரிந்தது. வலப்பக்கத்துக்குப் பலகையே இல்லை. கூட வேலை செய்த மூத்த ஆசாரி பலகையைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்துவிட்டு, "நடுத்தட்டை ஒரு விரக்கடை இறக்கியிருந்தா இது வலதுக்கும் ஆயிருக்கும் தம்பி" என்றார். அன்று அதை ஆறுதலாகத்தான் எடுத்துக்கொண்டேன். வடிவமைப்பின் சூத்திரமே அதில் இருந்தது என்பது வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது.

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு சிறிய புத்தக அலமாரியை எடுத்துக்கொள்வோம். இரண்டு பக்கப் பலகைகள், மேல்தட்டு, நடுத்தட்டு, அடித்தட்டு, பின்பலகை. கதவு கிடையாது. பலகை 18 மி.மீ. கனமுள்ள பிரீலேம் பார்ட்டிகிள் போர்டு. தட்டுகள் மூன்றும் பக்கப் பலகைகளுக்கு நடுவே நிற்கும். இனி வரும் எண்கள் எல்லாம் மில்லிமீட்டர்.

குச்சி இடம் காட்டும், கேம் இழுத்துப் பிடிக்கும்

கேம் லாக்கை நம் ஹார்டுவேர் கடைகளில் பெரும்பாலும் மினிஃபிக்ஸ் என்றே கேட்பார்கள். அதில் இரண்டு உறுப்புகள் உண்டு. ஒன்று போல்ட். அதன் திருகுமுனை பக்கப் பலகையின் உள்முகத்தில் இறங்கும். உருண்டைத் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மற்றது கேம் என்னும் உருளை. அது தட்டின் முகத்தில் 15 விட்டமுள்ள குழியில் உட்காரும். தட்டின் விளிம்பிலிருந்து அந்தக் குழிவரை செல்லும் துளை வழியாகப் போல்ட்டின் தலை உள்ளே வரும். கேமைத் திருப்பினால் அதன் சரிவான வாய் தலையைக் கவ்வித் தன் மையத்தை நோக்கி இழுக்கும். அரைச் சுற்றுக்குச் சற்று மேல் திரும்புவதற்குள் தட்டும் பக்கப் பலகையும் ஒன்றோடொன்று இறுகிவிட வேண்டும்.

இழுப்பது மட்டுமே கேமின் வேலை. தட்டு எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. விளிம்பில் நாம் போடும் துளை 8 விட்டம். போல்ட்டின் தண்டு அதைவிட மெலிது. அந்த இடைவெளியில் தட்டு மேலும் கீழும் அரை மில்லிமீட்டர் ஆடும். இடத்தைப் பிடித்து நிறுத்துவது 8 விட்டமும் 30 நீளமும் உள்ள மரக் குச்சி, அதாவது டவல். தட்டின் மேல் ஏறும் புத்தகச் சுமையையும் பெரும்பாலும் குச்சிதான் வாங்கிக்கொள்ளும். கேம் இருக்கிறதே என்று குச்சியை மிச்சப்படுத்திய அலமாரிகளில் சில மாதங்களில் தட்டு ஒரு பக்கம் தாழ்ந்து, போல்ட் துளையின் வாய் நொறுங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு போல்ட், இரண்டு குச்சி. இதில் பேரம் வேண்டாம்.

எல்லா அளவும் முன்விளிம்பிலிருந்து

ஆழத் திசையில் துளைகள் எங்கே வரும்? முன்விளிம்பிலிருந்து 37-இல் முதல் போல்ட், 69-இல் குச்சி, 197-இல் அடுத்த குச்சி, 229-இல் பின்போல்ட். 37-இல் தொடங்கி 32, 32 ஆகக் கூடிப் போகும் இந்த வரிசை ஐரோப்பியப் பெட்டி முறையான 'சிஸ்டம் 32' என்பதிலிருந்து வருகிறது. துளை இயந்திரங்கள், கீல்கள், டிராயர் சட்டங்கள் எல்லாம் அந்த இடைவெளிக்கு ஏற்பவே செய்யப்படுகின்றன. கைத் துரப்பணத்தால் வேலை செய்பவருக்கும் அதே வரிசை நல்லது. நாளைக்குக் கதவு போட நினைத்தால் கீலின் அடித்தகடு உட்கார வேண்டிய கோடு ஏற்கெனவே கணக்கில் இருக்கும்.

பின்போல்ட்டை ஏன் இன்னும் பின்னுக்குத் தள்ளி 261-இல் வைக்கவில்லை என்று கேட்கலாம். காரணம் நடுத்தட்டு. பின்பலகை ஒரு காடியில் செருகி நிற்கப் போகிறது. 6 கனமுள்ள எம்டிஎஃப் பலகைக்கு 6.5 அகலமும் 8 ஆழமும் உள்ள காடி. அதற்குப் பின்னால் 15 மரம் மிச்சம். ஆகவே காடி முன்விளிம்பிலிருந்து 278.5-இல் தொடங்குகிறது. நடுத்தட்டு அதற்கு முன்பே நின்றுவிட வேண்டும் என்பதால் அதன் ஆழம் 276. அதில் 261-இல் கேம் குழி தோண்டினால் பின்விளிம்புக்கும் குழிக்கும் நடுவே ஏழரை மில்லிமீட்டர்தான் மிஞ்சும். பார்ட்டிகிள் போர்டில் அது இறுக்கும்போதே வெடிக்கும். 229-இல் வைத்தால் குழியின் மையத்துக்குப் பின்னால் 47 கிடைக்கிறது.

அளவை முன்விளிம்பிலிருந்தே எடுக்க வேண்டியதற்கும் இதே தட்டுதான் காரணம். மேல்தட்டின் ஆழம் 300, நடுத்தட்டின் ஆழம் 276. ஒரு தட்டைப் பின்னாலிருந்தும் இன்னொன்றை முன்னாலிருந்தும் அளந்தால் மூன்று தட்டுகளும் முன்னால் ஒரே கோட்டில் நிற்காது. வரைபடத்தில் ஒவ்வொரு பலகையின் முன்விளிம்பிலும் ஒரு முக்கோணம் போடுங்கள். உண்மைப் பலகையிலும் பென்சிலால் அதே முக்கோணத்தைப் போடுங்கள். முக்கோணம் இல்லாத விளிம்பில் அளவுகோலை வைக்கக் கூடாது.

உயரம் 722 ஆனது ஏன்

இப்போது ஆசாரி சொன்னதற்கு வருவோம். தட்டின் கனம் 18 என்பதால் அதன் நடுக்கோடு 9. மேல்தட்டின் மேல்முகமும் பக்கப் பலகையின் மேல்முனையும் சமமாக நிற்க வேண்டுமென்றால் பக்கப் பலகையில் துளை வரிசை மேல்முனையிலிருந்து 9-இல் வரும். அடித்தட்டுக்கும் அப்படியே கீழ்முனையிலிருந்து 9. நடுவே இருக்கும் தூரத்தை 32-இன் மடங்காக வைத்துக்கொண்டால் பின்னால் தட்டுகளை நகர்த்த ஆணித் துளைகள் போடுவது எளிது. 32-ஐ 22-ஆல் பெருக்கினால் 704. இரு முனையிலும் 9 கூட்டினால் 722. நாம் முதலில் எழுதிய 720-க்கு இரண்டே மில்லிமீட்டர் கூடுதல். இனி உயரம் 722.

நடுத்தட்டை 361-இல், சரிபாதியில் வையுங்கள். துளை வரிசைகள் கீழிருந்து 9, 361, 713. மேலிருந்து எண்ணினாலும் அதே 9, 361, 713. பலகையைத் தலைகீழாகத் திருப்பினாலும் துளைகள் மாறுவதில்லை. இடப்பக்கப் பலகையை முன்விளிம்பு முன்னாலேயே இருக்க, மேல் கீழாகப் புரட்டுங்கள். துளையிட்ட முகம் இப்போது எதிர்ப்பக்கம் பார்க்கும். அதுதான் வலப்பக்கப் பலகை. ஒரே வரைபடம், ஒரே மாதிரிக் குச்சி, இரண்டு பலகைகள். பின்காடியும் பின்னாலேயே இருக்கும்.

முன்பின்னாகச் சமச்சீர் வைத்தும் இதைச் சாதிக்கலாம். ஆனால் அப்போது காடி இடம் மாறிப்போகும். பின்விளிம்பிலும் எட்ஜ் பேண்டிங் ஒட்ட வேண்டியிருக்கும். மேல்கீழ்ச் சமச்சீருக்கு மேல்முனையும் கீழ்முனையும் பேண்டிங் கேட்கும். மேல்முனை எப்படியும் கண்ணில் படும் இடம். கீழ்முனையோ ஈரத் துணியால் தரை துடைக்கும் வீடுகளில் முதலில் தண்ணீர் குடித்து ஊதுவது. இரண்டுக்கும் பேண்டிங் ஒட்டுவது வீண்செலவு ஆகாது. அடியில் பிளாஸ்டிக் கால் வைத்துத் தரையிலிருந்து தூக்கிவிடுவது இன்னும் நல்லது.

மேலடுக்கு சிறிதாகவும் கீழடுக்கு பெரிதாகவும் வேண்டுமென்றால் இந்தச் சமச்சீர் உடையும். அப்போது இடது, வலது என்று இரண்டு தனி வரைபடம் போட்டே ஆக வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் செய்யலாம். நாமாக வரையும்போது அந்தச் சிக்கலை விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

வெட்டும் அளவும் முடிந்த அளவும்

பேண்டிங் 1 கனம் என்று வைத்துக்கொள்வோம். பக்கப் பலகையின் முடிந்த அளவு 722-க்கு 300. மேலும் கீழும் முன்னாலும் பேண்டிங் வருவதால் வெட்டும் அளவு 720-க்கு 299. தட்டுகளின் நீளம் 600-இலிருந்து இரண்டு பலகைக் கனம் போக 564. அவற்றின் முனைகள் பக்கப் பலகையில் முட்டி நிற்பதால் அங்கே பேண்டிங் இல்லை, முன்விளிம்பில் மட்டும்தான். பின்பலகை காடிக்குள் இரு பக்கமும் 7, 7 இறங்கும்படி 578-க்கு 700. காடியின் ஆழம் 8 என்பதால் எல்லாப் பக்கமும் 1 விளையாட்டு மிஞ்சும்.

வரைபடத்தில் உள்ள துளை எண்கள் எல்லாம் முடிந்த அளவுக்கு உரியவை. பேண்டிங் ஒட்டிய பிறகே துளையிடுங்கள். அவசரத்தில் ஒட்டும் முன்பே மேல்முனையிலிருந்து 9 அளந்து துளையிட்டால், ஒட்டிய பிறகு அது 10 ஆகிவிடும். அலமாரி பூட்டியதும் மேல்தட்டு பக்கப் பலகைக்குக் கீழே ஒரு மில்லிமீட்டர் பதுங்கி நிற்கும். விரலால் தடவினால் படி தட்டுப்படும். இந்த ஒரு மில்லிமீட்டர் படியை எங்கே பார்த்தாலும் முதலில் பேண்டிங்கைச் சந்தேகியுங்கள்.

வரைபடம்

பலகைக்கு ஒரு தாள். எந்த முகத்தில் துளை வருகிறதோ அந்த முகத்தை நேராகப் பார்ப்பதுபோல் வரையுங்கள். முன்விளிம்பு எப்போதும் தாளின் இடப்பக்கம் இருக்கட்டும். 5 துளைக்குப் பெருக்கல் குறி, 8 துளைக்கு ஒற்றை வட்டம், 15 குழிக்கு இரட்டை வட்டம். முன் துளையிலிருந்து அடுத்த துளைக்கு இத்தனை என்று சங்கிலியாக அளவு எழுதாதீர்கள். ஒன்றில் அரை மில்லிமீட்டர் பிசகினால் அடுத்தடுத்து எல்லாமே பிசகும். ஒவ்வொரு துளைக்கும் முன்விளிம்பிலிருந்தும் கீழ்முனையிலிருந்தும் நேரான தூரம் எழுதி, பக்கத்தில் ஒரு அட்டவணை போட்டுவிடுங்கள். நம் பக்கப் பலகைக்கு அது இவ்வளவுதான்:

| முன்விளிம்பிலிருந்து | விட்டம் | ஆழம் | எதற்கு |
|---|---|---|---|
| 37 | 5 | 12 | போல்ட் |
| 69 | 8 | 12 | குச்சி |
| 197 | 8 | 12 | குச்சி |
| 229 | 5 | 12 | போல்ட் |

இந்த நான்கு துளைகளும் கீழ்முனையிலிருந்து 9, 361, 713 என்ற மூன்று வரிசைகளிலும் வரும். ஆக ஒரு பலகைக்கு 12 துளை.

தட்டுகளின் முனை விளிம்பில் அதே 37, 69, 197, 229. இங்கே நான்கும் 8 விட்டம்தான். ஆழம் மட்டும் மாறும். குச்சிக்கு 20, போல்ட்டுக்கு 34. குச்சியின் நீளம் 30; பக்கப் பலகையில் 12, தட்டில் 20, மொத்தம் 32. மிஞ்சும் 2 பசைக்கும் தூசிக்கும். இந்த 2-ஐ விடாதவர்களுக்குக் குச்சி துளையின் அடியில் முட்டி நிற்கும், மூட்டு மூடவே மூடாது.

கேம் குழி தட்டின் முகத்தில், முனையிலிருந்து 34 தள்ளி, 37 கோட்டிலும் 229 கோட்டிலும் வரும். விட்டம் 15, ஆழம் 13.5. போல்ட் 24 அளவிலும் 34 அளவிலும் கிடைக்கிறது. பார்ட்டிகிள் போர்டுக்கு நான் 34 எடுப்பேன். குழிக்கும் முனைக்கும் நடுவே கூடுதல் மரம் நிற்கும். குழியின் ஆழம் பொருத்திக்குப் பொருத்தி சற்று மாறலாம். பெட்டியோடு வரும் தாளில் உள்ள எண் வேறாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். 18 கனத்தில் 13.5 போனால் 4.5 மிச்சம். நீண்ட கூர்முனை உள்ள தட்டைப் பிட்டால் இந்தக் குழியைத் தோண்டினால் முனை மறுபக்கம் எட்டிப் பார்க்கும். மேல்தட்டில் அப்படி ஆகிவிட்டால் பலகையை மாற்றுவதைத் தவிர வழியில்லை. குட்டையான முனையுள்ள ஃபோர்ஸ்ட்னர் பிட் வாங்கிக்கொள்ளுங்கள்.

குழி எந்த முகத்தில்? மூன்று தட்டுக்கும் அடிமுகத்தில். மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பின்பலகைக்கான காடி மேல்தட்டின் அடிமுகத்திலும், அடித்தட்டின் மேல்முகத்திலும் வரும். ஆக மேல்தட்டில் குழியும் காடியும் ஒரே முகத்தில். அடித்தட்டில் எதிரெதிர் முகத்தில். அளவு ஒன்றுதானே என்று இரண்டையும் ஒரே தாளில் வரைந்தால் ஒன்று கெட்டுப்போகும். இவற்றுக்கு இரண்டு தாள்.

மாதிரிக் குச்சி

துளையிடும் இயந்திரம் இல்லாதவர் ஒரு பிளைவுட் பட்டையில் 37, 69, 197, 229 என்று நான்கு 8 துளைகளை நேர்க்கோட்டில் போட்டுக்கொள்ளட்டும். பட்டையின் நீள விளிம்பில் ஒரு மெல்லிய தடுப்புச் சட்டத்தைத் துளை மையம் அதிலிருந்து 9 வரும்படி அறையுங்கள். முன்விளிம்பில் முட்டி நிற்கக் கட்டை ஒன்றும் வேண்டும். சட்டமும் கட்டையும் பட்டைக்கு மேலும் கீழும், இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் தட்டின் இட முனைக்கு ஒரு பக்கமாகவும் வல முனைக்குப் புரட்டியும் வைக்க முடியும். பக்கப் பலகையின் முனைகளுக்கும் இதே பட்டைதான். நடு வரிசைக்கு மட்டும் தடுப்புச் சட்டத்தைக் கழற்றிவிட்டு, 361-இல் மூலைமட்டத்தால் கோடு போட்டு, துளை மையங்களை அதன்மேல் வைத்து பட்டையைக் கிளாம்ப் செய்யுங்கள்.

5 துளைக்குத் தனிப் பட்டை வேண்டாம். கூர்முனையுள்ள 8 பிட்டைத் துளைக்குள் விட்டு மையத்தை மட்டும் குத்திக் காட்டுங்கள். பட்டையை எடுத்துவிட்டு அந்தப் புள்ளியில் 5 பிட்டை இறக்குங்கள். ஆழத்துக்கு பிட்டில் டேப் சுற்றுவதைவிட இரும்பு வளையம் நம்பகமானது; டேப் சூட்டில் நழுவும். பட்டையின் கனத்தையும் ஆழத்தோடு கூட்டிக்கொள்ள மறக்காதீர்கள்.

தடுப்புச் சட்டம் எந்த முகத்தில் பதிய வேண்டும் என்பதில் ஒரு கண்டிப்பு தேவை. 18 என்று விற்கும் பலகை உண்மையில் 17.6 ஆகவும் இருக்கும். மேல்தட்டுக்கு எப்போதும் மேல்முகத்தில் சட்டத்தைப் பதியுங்கள், அடித்தட்டுக்கு அடிமுகத்தில். கனத்தில் உள்ள பிசகு அப்போது அலமாரிக்கு உள்ளே ஒளிந்துகொள்ளும்.

பூட்டும்போது பேசும் பிழைகள்

போல்ட்களைக் கழுத்து பலகையில் பதியும்வரை திருகுங்கள். குச்சிகளைத் தட்டின் விளிம்பில் பசையோடு செருகுங்கள். பக்கப் பலகைப் பக்கம் பசை வேண்டாம், கழற்ற வேண்டுமே. ஒரு பக்கப் பலகையைப் படுக்க வைத்து, மூன்று தட்டுகளையும் அதில் நிறுத்திப் பூட்டி, பின்பலகையைக் காடியில் மேலிருந்து இறக்கி, கடைசியில் மற்ற பக்கப் பலகையைக் கவிழ்த்து வையுங்கள். கேமைக் குழியில் வைக்கும்போது அதன் மேலுள்ள அம்புக்குறி தட்டின் முனையைப் பார்த்திருக்க வேண்டும். முழுவதும் இறுக்குவதற்கு முன் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். நம் பெட்டிக்கு இரண்டும் சுமார் 939. வித்தியாசம் 2-க்கு மேல் போனால் பின்பலகை எங்கோ சிக்கியிருக்கிறது.

கேம் முழுதும் திரும்பியும் மூட்டு தளர்வாக இருந்தால் குழி முனைக்கு மிக அருகில், 33 அல்லது அதற்கும் குறைவாக விழுந்திருக்கும். போல்ட்டின் தலை ஏற்கெனவே மையத்தை நெருங்கிவிட்டதால் கேமுக்கு இழுக்க ஒன்றுமில்லை. குழி தள்ளிப்போய் 35 ஆகியிருந்தால் நேர் எதிர்: கேம் தலையைக் கவ்வவே கவ்வாது, அல்லது கொஞ்சம் திரும்பியதும் முரண்டு பிடிக்கும். அதைப் பலவந்தமாகத் திருப்பினால் வார்ப்பு உலோகம் உடையும். கேம் சரியாக இறுகியும் மூட்டில் வெளிச்சம் தெரிந்தால் அந்தக் குற்றம் குச்சியுடையது. துளையின் ஆழத்தை அளந்து, உள்ளே கிடக்கும் தூளைத் தட்டி எடுங்கள்.

பார்ட்டிகிள் போர்டில் போல்ட்டின் திருகு மரத்தையே நம்பி நிற்கிறது. வீடு மாற்றும்போது பக்கப் பலகையிலிருந்து போல்ட்டைக் கழற்றாதீர்கள். கேமை மட்டும் தளர்த்தித் தட்டைப் பிரித்துவிடுங்கள். போல்ட்டைத் திரும்பத் திரும்பத் திருகினால் 5 துளை தேய்ந்து பிடிப்பை இழக்கும்.

இந்த அலமாரிக்கு 12 கேம், 12 போல்ட், 12 குச்சி. பொட்டலம் கட்டும்போது ஒவ்வொன்றிலும் 13 போடுங்கள்.